டோரன்ட் 100% ஆன பிறகு: உடனே நிறுத்துவதா, ரேஷியோ வைப்பதா, மெதுவாக ஓடவிடுவதா?

டோரன்ட் ஒன்று இறங்கி முடிந்ததும் Downloading என்று இருந்த இடத்தில் Seeding என்று வந்துவிடுகிறது, அதாவது இறக்கியதை மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வரம்பில்லாத இணைப்பு உள்ள வீட்டில் அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. மாதத்துக்கு 60 ஜிபி, நாளைக்கு 2 ஜிபி என்று அளந்து வாங்குகிறவர்களுக்குத்தான் அந்த ஒரு சொல் குழப்பம் தருகிறது. அப்படியே விட்டால் டேட்டா கரைகிறது. உடனே நிறுத்தினால் வாங்கிக்கொண்டு ஓடிப்போன மாதிரி உறுத்துகிறது. நிறுத்தும்போது இறக்கிய கோப்பு கெட்டுவிடுமோ என்ற பயமும் பலருக்கு இருக்கிறது.

பயத்தை முதலில் தீர்த்துவிடலாம்: கெடாது. மற்றபடி எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் பேக்கையும் கோப்பையும் பொறுத்தது. இருக்கும் வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடைபோட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு, ஏறக்குறைய 3 ஜிபி வரும் லினக்ஸ் மின்ட் ஐஎஸ்ஓ கோப்பை வைத்துக்கொள்கிறேன். அதை வெளியிடுகிறவர்களே டோரன்டாகவும் தருகிறார்கள், பகிர்வதில் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. மென்பொருளுக்கு qBittorrent. இதன் 5-ஆம் பதிப்பில் Stop என்று இருப்பது பழைய பதிப்புகளில் Pause என்று இருக்கும்.

## 100% ஆனதும் உள்ளே என்ன நடக்கிறது

டோரன்டில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ் மதிப்பு டோரன்டுக்குள்ளேயே இருக்கும். துண்டு வந்து சேர்ந்ததும் மென்பொருள் அதைச் சரிபார்க்கிறது. பொருந்தவில்லை என்றால் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி வாங்குகிறது. 100% என்று காட்டினால் எல்லாத் துண்டுகளும் இந்தச் சோதனையைத் தாண்டிவிட்டன என்று பொருள். அதற்குப் பிறகு நடக்கும் சீடிங்கில் மென்பொருள் உங்கள் வட்டிலிருந்து படிக்க மட்டுமே செய்கிறது, கோப்பில் எதையும் எழுதுவதில்லை. அதனால் எந்த நொடியில் நிறுத்தினாலும் கோப்பு முழுசாக இருக்கும்.

பலரும் கவனிக்காமல் விடுவது, அப்லோட் 100%-க்குப் பிறகு தொடங்குவதில்லை என்பதைத்தான். முதல் சில துண்டுகள் கைக்கு வந்த உடனேயே அவற்றை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். 2001-இல் பிராம் கோஹன் இந்த நெறிமுறையை உருவாக்கியபோதே, கொடுக்கிறவருக்கு முன்னுரிமை கொடுக்கும் ஏற்பாட்டைச் சேர்த்துவிட்டார். இன்னும் இறக்கிக்கொண்டிருக்கும் இருவர், தங்களுக்கு நன்றாகத் தருகிறவர்களுக்கே திருப்பித் தருவார்கள். ஆகவே 3 ஜிபி இறங்கி முடியும்போது நீங்கள் ஏற்கெனவே 200 எம்பியோ 1 ஜிபியோ கொடுத்து முடித்திருக்கலாம். 'இறக்கியது 3 ஜிபிதானே, எப்படி 4 ஜிபி குறைந்தது' என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். இந்தியாவில் மொபைல் பேக்குகள் அப்லோடையும் டவுன்லோடையும் கூட்டித்தான் கணக்கில் எடுக்கின்றன.

## ரேஷியோ எதைச் சொல்கிறது

கொடுத்ததை வாங்கியதால் வகுத்தால் வருவது ரேஷியோ. 3 ஜிபி வாங்கி 1.5 ஜிபி கொடுத்திருந்தால் 0.5. முழு 3 ஜிபியும் கொடுத்திருந்தால் 1.

'1 வந்த பிறகுதான் நிறுத்த வேண்டும்' என்று ஒரு வழக்கம் பேச்சில் இருக்கிறது. நல்ல இலக்குதான். ஆனால் எல்லோராலும் அதை எட்ட முடியாது, கணக்கே இடம் கொடுக்காது. பத்துப் பேர் ஒரு கோப்பை இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பத்துப் பிரதிகள் கைமாறுகின்றன. அதில் குறைந்தது ஒரு பிரதியாவது முதலில் வெளியிட்டவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். மீதி ஒன்பதைத்தான் பத்துப் பேரும் தங்களுக்குள் கொடுத்திருக்க முடியும். சராசரி 0.9. யாராவது ஒருவர் 5 எட்டினால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் பங்கு இன்னும் குறையும். வேகமான இணைப்போடு வரம்பில்லாமல் ஓடும் சர்வர்கள் சேர்ந்திருக்கும் பிரபலமான லினக்ஸ் டோரன்டில், உங்கள் மடிக்கணினியிடம் கேட்க ஆளே இல்லாமல் 0.3-இல் நாள்கணக்கில் நிற்பது சாதாரணம். அது உங்கள் குற்றமில்லை.

வரம்புள்ள பேக்கில் இருப்பவர் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம்: ரேஷியோ கோப்பின் அளவோடு பெருகுகிறது. 700 எம்பி கோப்புக்கு 1 என்றால் 700 எம்பி போகும். 6 ஜிபி கோப்புக்கு அதே 1 என்றால் 6 ஜிபி போகும். மென்பொருளில் ஒரே ரேஷியோவை எல்லாக் கோப்புக்கும் பொதுவாக வைத்துவிட்டு, டேட்டா பத்திரம் என்று நினைத்தால் ஒரு பெரிய கோப்பு வரும் நாளில் பேக் காலியாகும். முதலில் எத்தனை ஜிபி கொடுக்க முடியும் என்று முடிவு செய்யுங்கள். ரேஷியோ அதிலிருந்து வரட்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். அதிகபட்சம் எவ்வளவு டேட்டா போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? மறந்துபோய் ஓடவிட்டால் என்ன ஆகும்? கொடுப்பது உண்மையில் யாருக்காவது பயன்படுகிறதா? வீட்டில் மற்றவர்கள் இணையம் பயன்படுத்துவதைக் கெடுக்குமா?

இதில் இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக எடை கொடுக்கிறேன். டேட்டா தீர்ந்துபோன கதைகளைக் கேட்டால், தெரிந்தே அதிகம் கொடுத்தவர்கள் குறைவு. ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் விட்டவர்கள்தான் அதிகம்.

## வழி 1: முடிந்ததும் நிறுத்துவது

செலவு தெளிவு. கோப்பின் அளவு, இறங்கும்போது கொடுத்தது, அதோடு இணைப்புப் பேச்சுக்கான கொஞ்சம் மேல்செலவு. அதற்கு மேல் எதுவும் இல்லை.

இதைத் தானாக நடக்க வைக்க இரண்டு வழி உண்டு. Tools மெனுவில் On Downloads Done என்ற இடத்தில் Exit qBittorrent என்பதைத் தேர்ந்தெடுத்தால், எல்லாம் இறங்கியதும் மென்பொருளே வெளியேறிவிடும். இரவில் ஓடவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு அங்கேயே Shutdown system என்பதும் இருக்கிறது. இரண்டாவது வழி, Options பெட்டியில் BitTorrent பகுதிக்குப் போய் Seeding Limits என்பதில் ரேஷியோவை 0 என்று வைப்பது. கோப்பு முடிந்த கையோடு நின்றுவிடும். ஆனால் இறங்கும்போது நடக்கும் அப்லோடை இது தடுக்காது.

அதையும் குறைக்க வேண்டுமென்றால் அப்லோட் வேகத்துக்கு வரம்பு போட வேண்டும். இங்கே கோப்பைப் பொறுத்து விளைவு மாறும். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு கொடுக்கும் சீடர்கள் நிறைய உள்ள டோரன்டில் அப்லோடை 10 KiB/s-க்கு இறக்கினாலும் டவுன்லோட் பெரிதாக அடிவாங்காது. முழுக் கோப்பும் வைத்திருப்பவருக்கு உங்களிடமிருந்து வாங்க எதுவும் இல்லை, அதனால் அவர் பதிலுக்கு எதிர்பார்ப்பதில்லை. இரண்டு சீடர், இன்னும் இறக்கிக்கொண்டிருக்கும் நாற்பது பியர் என்ற நிலையில் உள்ள டோரன்டில் அதே வரம்பைப் போட்டால் டவுன்லோட் நொண்டத் தொடங்கும்.

எப்போது இதுவே சரி: பேக்கில் இருப்பது கோப்புக்குத்தான் போதும் என்றால், அல்லது சீடர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால். qBittorrent பட்டியலில் Seeds என்ற நெடுவரிசையில் 5 (210) என்பது போலக் காட்டும். அடைப்புக்குள் இருப்பது மொத்தச் சீடர்கள். 210 பேர் இருக்கும் இடத்தில் நீங்கள் விலகுவதால் யாரும் காத்திருக்கப் போவதில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் தரும் டோரன்டுகளிலும் மனம் உறுத்தாமல் நிறுத்தலாம். அவற்றில் ஆர்க்கைவின் சர்வரே ஒரு மூலமாக இணைக்கப்பட்டிருக்கும். HTTP Sources என்ற தாவலில் அதைப் பார்க்கலாம். பியர்கள் எல்லோரும் போனாலும் கோப்பு அங்கிருந்து வரும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. பியர்களை ஒருவரோடொருவர் சேர்த்துவைக்கும் சர்வர்தான் டிராக்கர். உறுப்பினர்களுக்கு மட்டும் இடம் தரும் தனியார் டிராக்கர்களில் குறைந்தபட்ச ரேஷியோ, குறைந்தபட்ச சீடிங் நேரம் என்று விதிகள் இருக்கும். அங்கே உடனே நிறுத்தினால் கணக்கு முடக்கப்படலாம். வரம்புள்ள பேக்கை மட்டும் நம்பி இருப்பவர் அந்த மாதிரி இடங்களில் சேராமல் இருப்பதே நல்லது.

ஒரு பைட்டும் கொடுக்க முடியாத நிலை என்றால், அந்தக் கோப்புக்கு நேரடி டவுன்லோட் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் மின்ட், டெபியன், லிப்ரேஆபிஸ் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. அதில் அப்லோட் செலவே கிடையாது.

## வழி 2: ரேஷியோ வரம்பு

கொடுக்கவும் வேண்டும், அளவும் தாண்டக்கூடாது என்பவருக்கு இதுதான் முதல் தேர்வு. Seeding Limits பகுதியில் When ratio reaches என்பதை டிக் செய்து எண்ணைக் கொடுக்க வேண்டும். கீழே, எட்டியதும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். அங்கே Stop torrent என்பது மட்டும் இருக்கட்டும். அதே பட்டியலில் Remove torrent and its files என்றும் ஒன்று இருக்கிறது. கைதவறி அதைத் தேர்ந்தெடுத்தால், ரேஷியோ எட்டிய கணத்தில் நீங்கள் டேட்டா கொடுத்து வாங்கிய கோப்பே வட்டிலிருந்து போய்விடும்.

மேலே சொன்ன காரணத்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான எண்ணை விட ஒவ்வொரு டோரன்டுக்கும் தனி எண் வைப்பது மேல். டோரன்டின் மீது வலது சொடுக்கு, Torrent options, அங்கே அதற்கு மட்டும் ரேஷியோ.

இந்த வழியின் பலவீனம் மொபைல் இணைப்பில் தெரியும். மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அதனால் வெளியே இருக்கும் பியர் உங்களைத் தேடி வந்து இணைய முடியாமல் போகிறது. நீங்களாகப் போய் இணைகிறவர்களுக்கு மட்டுமே கொடுக்க முடியும். கீழ்ப்பட்டையில் உள்ள இணைப்புச் சின்னத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் இணைப்பின் நிலை தெரியும். வெளியிலிருந்து யாரும் வர முடியாத நிலையில் 1 என்ற இலக்கு பல நாள் எட்டாமலே தொங்கும். அதுவரை கணினி திறந்திருக்கும், டேட்டா சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ரேஷியோவோடு ஒரு நேர வரம்பையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதில் நின்றுவிடும்.

## வழி 3: நேர வரம்பு மட்டும்

When total seeding time reaches என்பதில் நிமிடக் கணக்கு கொடுக்க வேண்டும். தனியாக இதை நம்புவதை நான் விரும்பவில்லை. வேகத்துக்கு வரம்பு இல்லாவிட்டால் நேரம் டேட்டாவை எந்த விதத்திலும் கட்டுப்படுத்தாது. 10 எம்பிபிஎஸ் அப்லோட் உள்ள வீட்டு இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 4.5 ஜிபி போகும். அதே ஒரு மணி நேரத்தில் யாரும் கேட்காவிட்டால் ஒன்றும் போகாது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இது பயன்படும் இடம் நாள் கணக்குப் பேக். தினம் 2 ஜிபி தரும் ப்ரீபெய்ட் பேக்கில் மிச்சம் நள்ளிரவோடு காலாவதியாகிறது, மறுநாளைக்குச் சேராது. இரவு 10 மணிக்கு 600 எம்பி மீதம் இருக்கிறது, வீட்டில் எல்லோரும் படுத்தாயிற்று என்றால், அந்த 600 எம்பியைக் கொடுப்பதால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் நொடிக்கு 85 KiB வருகிறது. கொஞ்சம் இடம் விட்டு 70 KiB/s என்று வேக வரம்பும், 110 நிமிடம் என்று நேர வரம்பும் வைத்தால் பன்னிரண்டு மணிக்கு முன்பே நின்றுவிடும். நேர வரம்பு இல்லாமல் விட்டால் அடுத்த நாளின் 2 ஜிபியை விடிவதற்குள் தின்னத் தொடங்கியிருக்கும். இந்த நிமிடக் கணக்கு சீடிங் நடந்த மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்ப்பது. ஆகவே அதே டோரன்டை மறுநாள் இரவும் ஓடவிட வேண்டுமானால் எண்ணையும் கூட்ட வேண்டும்.

பல பேக்குகளில் நாள் அளவு தீர்ந்தால் கூடுதல் கட்டணம் வராது, வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக விழும். நொடிக்கு 8 கேபி. அந்த மெல்லிய குழாயிலும் சீடிங் ஓடிக்கொண்டிருந்தால் வாட்ஸ்அப் செய்தி ஒன்றுகூடப் போகாது.

## வழி 4: வேகத்தைக் குறைத்து, தொடர்ந்து ஓடவிடுவது

Options பெட்டியில் Speed என்ற பகுதியில் Upload என்ற இடத்தில் எண் கொடுக்கலாம். அங்கே 0 என்றால் 'வரம்பே இல்லை' என்று பொருள். அப்லோடை அணைப்பதாக நினைத்து 0 போட்டவருக்கு நேர் எதிராக நடக்கும்.

மெதுவாக ஓடினால் டேட்டா குறைவாகத்தான் போகும் என்பது பாதி உண்மை. 10 KiB/s என்பது கண்ணுக்கே தெரியாத வேகம். ஒரு மணி நேரத்துக்கு 35 எம்பிதான். ஆனால் நாள் முழுக்க ஓடினால் 0.8 ஜிபி, மாதம் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 25 ஜிபி. 50 KiB/s என்றால் நாளுக்கே 4 ஜிபியைத் தாண்டும். 60 ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு இது தாங்காது. மறந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியில் இந்த வழி தோற்கிறது.

இது யாருக்குப் பொருந்தும்? வீட்டில் ஃபைபர் இணைப்பு, மாதம் 3.3 டிபி போன்ற பெரிய எல்லை, அதற்கு மேல் போனால்தான் வேகம் குறையும் என்று இருப்பவர்களுக்கு. அங்கேயும் அப்லோடை முழுக்க நிரப்பாமல், இணைப்பின் அப்லோட் வேகத்தில் பாதிக்குள் வைத்தால் வீடியோ கால்கள் திக்கித் திணறாது.

ஒரே ஒரு சூழலில் வரம்புள்ள பேக்கிலும் இதைப் பரிந்துரைப்பேன். Seeds நெடுவரிசையில் ஒன்றோ இரண்டோ மட்டும் காட்டும் அரிய கோப்பு, காத்திருக்கும் பியர்கள் சிலர். அங்கே உங்கள் 10 KiB/s-க்குக்கூட மதிப்பு இருக்கிறது. நீங்கள் தரும் ஒரு துண்டு கிடைத்தவர், அதை மற்றவர்களுக்குத் தன் வேகத்தில் பரப்புவார். 99%-இல் நிற்கும் ஒருவருக்குத் தேவைப்படுவது கடைசித் துண்டு மட்டுமே. அந்த மாதிரி டோரன்டில் 0.3 ரேஷியோ, பிரபலமான டோரன்டில் எடுக்கும் 3-ஐ விடப் பயனுள்ளது. ஆனால் கூடவே ரேஷியோ வரம்பும் இருக்கட்டும்.

## வழி 5: வேறு இணைப்பில் சீட் செய்வது

வீட்டில் மொபைல் டேட்டாவும், அண்ணன் வீட்டிலோ ஊரிலோ ஃபைபரும் இருக்கிறது என்றால், கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய் அங்கே சீட் செய்யலாம். டோரன்டைச் சேர்க்கும்போது கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரைச் சேமிக்கும் இடமாகக் காட்டினால், மென்பொருள் வட்டில் இருப்பதைச் சரிபார்த்து 100% என்று எடுத்துக்கொள்ளும். இந்தச் சரிபார்ப்புக்கு டேட்டா செலவாகாது. ஆனால் அந்த இணைப்பு யாருடையதோ அவரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். அந்த டோரன்டைப் பகிரும் எல்லோருக்கும் தெரிவது அவருடைய ஐபி முகவரிதான். அலுவலக, கல்லூரி இணைப்புகளில் பொதுவாக இதற்கு அனுமதி இருக்காது.

மாத வாடகைக்குக் கிடைக்கும் சீட்பாக்ஸ் சர்வர்களும் உண்டு. அதற்குக் கொடுக்கும் பணத்தில் பெரிய டேட்டா பேக்கே போட்டுக்கொள்ளலாம் என்பதால், லினக்ஸ் கோப்பு ஒன்றிரண்டு இறக்குகிறவருக்கு அது தேவையில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | அதிகபட்சச் செலவு தெரியுமா | மறந்தால் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| உடனே நிறுத்துவது | தெரியும் | ஒன்றும் ஆகாது | பேக் இறுக்கம், சீடர்கள் ஏராளம் |
| ரேஷியோ வரம்பு | தெரியும் | வரம்பில் நிற்கும் | மாதக் கணக்குப் பேக் |
| நேர வரம்பு | வேக வரம்பு சேர்ந்தால் மட்டும் | நேரத்தில் நிற்கும் | நாள் கணக்குப் பேக்கின் மிச்சம் |
| மெதுவாக ஓடவிடுவது | தெரியாது | பேக் கரையும் | ஃபைபர், அல்லது அரிய கோப்பு |
| வேறு இணைப்பு | உங்கள் பேக்கில் செலவில்லை | அந்த இணைப்பைப் பொறுத்தது | வரம்பில்லா இணைப்பு கைக்கு எட்டுபவர் |

## ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

மாதம் 60 ஜிபி தரும் ரவுட்டர் பேக். மாதம் முடிய 8 நாள் இருக்கிறது, மீதம் 15 ஜிபி. வீட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 1 ஜிபி ஓடுகிறது, ஆக 8 ஜிபி தேவை. திடீர்த் தேவைக்கு 1 ஜிபி ஒதுக்குகிறோம். கோப்பு 3 ஜிபி.

```
ரேஷியோ = (மீதம் − வீட்டுத் தேவை − இருப்பு − கோப்பு) ÷ கோப்பு
       = (15 − 8 − 1 − 3) ÷ 3
       = 1
```

இந்த வீட்டில் தாராளமாக 1 என்று வைக்கலாம். இதே வீட்டில் 6 ஜிபி கோப்பு என்றால் மேலே 0 வருகிறது. அப்போது வழி 1-தான், அதுவும் அப்லோட் வேக வரம்போடு. 700 எம்பி கோப்பு என்றால் ரேஷியோ 7-க்கு மேல் வருகிறது. அவ்வளவு கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, 2 வைத்தால் போதும்.

1 ஜிபி இருப்பு எதற்கு என்றால், மென்பொருள் காட்டும் எண்ணும் நிறுவனம் காட்டும் எண்ணும் ஒத்துப்போகாது. qBittorrent காட்டும் Uploaded எண் கோப்புத் துண்டுகளை மட்டும் சொல்கிறது. பியர்களைத் தேடும் உரையாடல், ஒவ்வொரு பொதியின் தலைப்பு, பெற்றுக்கொண்டதற்கான பதில் எல்லாம் அதற்கு வெளியே. நிறுவனத்தின் மீட்டர் எல்லாவற்றையும் எண்ணும். அதனால் பேக்கின் கணக்கை நிறுவனத்தின் செயலியில் பாருங்கள், மென்பொருளை நம்பாதீர்கள்.

## நிறுத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்துவது நிறுத்துவது ஆகாமல் போகலாம். விண்டோஸில் qBittorrent கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டு சீட் செய்தபடி இருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். டோரன்டை வலது சொடுக்கி Stop கொடுத்துவிட்டு, File மெனுவில் Exit கொடுங்கள். கணினி தொடங்கும்போதே மென்பொருளும் தொடங்கும்படி இருந்தால், Options-இல் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நிறுத்தாமல் மூடிய டோரன்ட், அடுத்த நாள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணையும்போது விட்ட இடத்திலிருந்து கொடுக்கத் தொடங்கும். மடிக்கணினிக்கு ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபைதான். விண்டோஸில் அந்த இணைப்பை Metered என்று குறித்து வைத்தாலும் டோரன்ட் மென்பொருள் அதை மதித்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டு பிராட்பேண்ட் கேபிள் வழியாகவும், வெளியே மொபைல் வழியாகவும் இணைகிறவர்களுக்கு உறுதியான பூட்டு ஒன்று இருக்கிறது. Options-இல் Advanced பகுதியில் Network interface என்பதில் Ethernet என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால், கேபிள் கழன்றதும் டோரன்ட் போக்குவரத்து நின்றுவிடும், மொபைலுக்குத் தாவாது. இரண்டுமே வைஃபை என்றால் இது உதவாது, கணினிக்கு இரண்டும் ஒரே வழிதான்.

பட்டியலிலிருந்து டோரன்டை நீக்கும்போது, கோப்புகளையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு டிக் பெட்டி கேட்கும். அது காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். கோப்பை நகல் எடுப்பதோ, பென் டிரைவில் எழுதுவதோ சீடிங் நடக்கும்போதே செய்யலாம். இடம் மாற்றுவதும் பெயர் மாற்றுவதும்தான் ஆபத்து. பட்டியலில் இருக்கும் டோரன்டின் கோப்பை நீங்களாக வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால், மென்பொருள் அதைக் காணாமல் Missing Files என்று சொல்லும். பதறிப்போய் Force recheck கொடுத்துத் தொடங்கினால், பழைய இடத்தில் ஒன்றும் இல்லாததால் 0% என்று எடுத்துக்கொண்டு 3 ஜிபியையும் மறுபடி இறக்கத் தொடங்கும். வரம்புள்ள பேக்கில் இதைவிடப் பெரிய இழப்பு சீடிங்கால் வராது. நகர்த்த வேண்டுமானால் வலது சொடுக்கி Set location வழியாக மென்பொருளையே நகர்த்தச் சொல்லுங்கள். இனி சீட் செய்யப்போவதில்லை என்றால், கோப்பை வைத்துக்கொண்டு டோரன்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வரம்பு போட்டும் நிற்கவில்லை என்றால் நிலையைக் காட்டும் இடத்தில் Seeding என்பதற்கு முன்னால் [F] என்று இருக்கிறதா பாருங்கள். எப்போதோ வேகமாக இறங்கட்டும் என்று Force start கொடுத்திருப்பீர்கள். கட்டாயமாகத் தொடங்கிய டோரன்டுக்கு qBittorrent ரேஷியோ வரம்பையும் நேர வரம்பையும் பார்ப்பதில்லை. வலது சொடுக்கி சாதாரண Start கொடுத்தால் [F] போய்விடும், அடுத்த சில நொடிகளில் வரம்பு வேலை செய்து டோரன்ட் Completed என்ற நிலைக்கு வரும். கீழ்ப்பட்டையில் அப்லோட் வேகம் 0-க்கு இறங்கிவிட்டதையும் பார்த்துவிட்டு மூடுங்கள்.